இரண்டும் இடது கை

“ரெண்டு கையும் இடது கை! எனக்கென்ன, வலது கை இருக்கிற இடத்துல இன்னொரு இடது கையா தொங்குது?”

இது வக்கீலம்மா. கோர்ட்டில் இதே சத்தத்தில் பாதி பேசியிருந்தால் போதும், ஒரு கேஸ்கூடத் தோற்றிருக்க மாட்டார் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. தையல் கடை வாசலில், புதுக் கறுப்புக் கோட்டைப் போட்டபடி நின்றார். கோட்டின் இடது பக்கம் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. வலது பக்கம்தான் வேடிக்கை. கோட்டுக் கை என்பது நேர்க்குழாய் அல்ல. முழங்கையில் முன்பக்கமாக லேசாக வளைந்திருக்கும். இவருடைய வலது கை பின்பக்கமாக வளைந்திருந்தது. யாரோ போலீஸ்காரர் பின்னால் நின்று கையை முறுக்கிப் பிடித்திருப்பதுபோல் இருந்தது.

“வெட்டினது நான்,” என்றாள் ஜட்ஜக்கா, வெட்டு மேசைக்குப் பின்னாலிருந்து. “நான் வெட்டினதுல தப்பு வராது. தைச்சவளைக் கேளுங்க.”

ஜட்ஜக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். கடை அவளுடையது. வெட்டுவதும் அவள்தான். அளவெடுக்கும்போது ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லுவாள். “உனக்கு இடுப்புனு ஒண்ணு இருந்துச்சே, எங்க போச்சு?” “உங்க ரெண்டு தோளும் ஒரே வீட்டுல பொறந்ததா?” மேல்முறையீடெல்லாம் கிடையாது. அப்படித் தீர்ப்பு வாங்கியவர்கள் கோபித்துக்கொண்டு போய், வேறு கடையில் தைத்துப் பார்த்து, வெட்கத்தோடு திரும்பி வருவார்கள். அவள் வெட்டு அப்படி.

“துணிக்கு நல்ல பக்கம் ஒண்ணுதான், இடது கையை எப்படித் திருப்பித் தைச்சாலும் அது வலது கை ஆகாது அண்ணி,” என்றாள் மிஷினில் உட்கார்ந்திருந்த நாத்தனார். தலையை நிமிர்த்தவே இல்லை. “வந்ததைத் தைச்சேன்.”

“வந்ததைத் தைச்சாளாம்! கண்ணு எங்க இருந்துச்சு?”

“வெட்டினதைத் தை, வாயை மூடுனு நீங்கதானே சொன்னீங்க? வாயை மூடிட்டுத் தைச்சேன்.”

நாத்தனார் யாரென்று சொல்லிவிடுகிறேன். ஜட்ஜக்காவின் புருஷனுடைய தங்கை. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கு எங்கள் தெருவில் பல கதைகள் உண்டு. அதில் பாதி நானே பரப்பியது, அதனால் அவற்றை நம்ப வேண்டாம். அண்ணன் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். காலையில் இறங்கி வந்து மிஷினில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் எழுவாள். அவளுக்கென்று இருந்தது அந்த அறையும் அந்த மிஷினும்தான். இரண்டுமே அண்ணி வீட்டுக்குள் இருந்தன.

“கேட்டீங்களா வக்கீலம்மா?” ஜட்ஜக்கா கத்தரிக்கோலை மேசையில் டப்பென்று வைத்தாள். “வேணும்னே பண்ணியிருக்கா. இவ்வளவு நாளா மிச்சத் துணியெல்லாம் காணாமப் போச்சு. நல்ல துணி, ஒவ்வொரு ஆர்டர்லயும் அரை கெஜம், கால் கெஜம். யாரு எடுத்தானு கேட்டேன், பதில் இல்ல. கையும் களவுமாப் பிடிச்சதும் இப்ப கடைப் பேரையே கெடுக்கறா. இன்னிக்கே மூட்டையைக் கட்டச் சொல்லிட்டேன். சாயங்காலம் இவ இங்க இருக்கக் கூடாது.”

கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஜட்ஜக்காவின் புருஷன், “ம்ம்,” என்றார். அவர் பெயரே ம்ம் அண்ணன்தான். பெண்டாட்டிக்கும் ம்ம், தங்கைக்கும் ம்ம், வாடிக்கையாளருக்கும் ம்ம். எந்த ம்ம் யார் பக்கம் என்று கண்டுபிடிக்க இதுவரை ஆள் பிறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஜட்ஜக்காவின் மகள் உள்ளே நுழைந்தாள். தெருமுனை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மதியச் சாப்பாட்டுக்கு அம்மாவின் கடைக்கு வருவது வழக்கம். நுழைந்ததும் கோட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

“அம்மா, கண்ணாடி போடலையா நீ?”

“போட்டிருக்கேன்டி, தெரியலையா?”

“அப்ப பவர் கூடியிருக்கும். வா, இன்னொரு தடவை பார்த்துடலாம்.”

ஒரே வருஷத்தில் இது அம்மாவுக்கு அவள் மாற்றிக் கொடுத்த மூன்றாவது கண்ணாடி. கண்ணாடிக் கடையில் வேலை செய்பவளுக்கு உலகத்தில் உள்ள எல்லாக் குறையும் கண்ணில்தான் இருக்கும். அம்மா யாருடைய பெயரையாவது மறந்தாள் என்றால் கண்ணாடி. படியில் தடுமாறினாள் என்றால் கண்ணாடி. முன்பெல்லாம் விறுவிறுவென்று நடந்தவள் இப்போது தரையைத் தேய்த்துக்கொண்டு சின்னச் சின்ன அடி வைக்கிறாளே என்று நான் ஒருநாள் கேட்டதற்கு, “புது லென்ஸ், பழகணும்,” என்றாள் மகள்.

நாத்தனார் மிஷினை விட்டு எழுந்தாள். எங்கள் தெருவில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அன்றைக்கும் உயரவில்லை. ஆனால் வாசலில் காய் வாங்க நின்றவர்கள்கூட உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

“அண்ணி, நான் போறேன். மாடியில பையெல்லாம் கட்டி வச்சாச்சு. ஆனா திருடினு பேர் வாங்கிட்டுப் போக மாட்டேன். வக்கீலம்மா கோட்டுத் துணியில மிச்சம் இருக்கு. எல்லாரும் இருக்காங்க. இப்ப, இங்கயே, ரெண்டு கை வெட்டிக் காட்டுங்க. நீங்க வெட்டினது சரியா இருந்தா, தப்பு என்னோடதுதான்னு ஒத்துக்கிட்டு அப்படியே இறங்கிப் போறேன்.”

“ஐயோ, இதைவிட வேற வேலை?” ஜட்ஜக்கா சிரித்தாள். “தூக்கத்துல வெட்டுவேன்டி நான்.”

வக்கீலம்மா கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். சாட்சி விசாரணை என்றால் அவருக்கு நேரம் போவதே தெரியாது.

துணியை இரண்டாக மடித்து வெட்டினால் ஒரே வெட்டில் இடதும் வலதும் சேர்ந்து வந்துவிடும். மிச்சத் துணி குறுகலாக இருந்ததால் மடிக்க இடமில்லை. ஒற்றையாகத்தான் வெட்ட வேண்டும். அப்படி வெட்டும்போது முதல் கைக்கு வைத்த காகித மாதிரியைப் புரட்டிப் போட்டு இரண்டாவது கையை வெட்ட வேண்டும். தையல் கற்றுக்கொள்ளப் போன முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக்கொடுப்பார்கள். நானே ஒரு வாரம் போனவள்தான்.

ஜட்ஜக்கா காகிதத்தை வைத்தாள். சாக்பீஸை எடுத்துக் கோடு போட்டாள். அடடா, என்ன கோடு. கை நடுங்கவில்லை, பிசிறு இல்லை. கத்தரிக்கோல் கறுப்புத் துணிக்குள் தண்ணீரில் படகு போவதுபோல் போயிற்று. ஒரு கை வெட்டி எடுத்து மேசை ஓரத்தில் வைத்தாள். இடது கை.

பிறகு நின்றாள்.

நாங்கள் காத்திருந்தோம். அவள் காகிதத்தைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். அடுத்தது என்ன என்பதை யாரோ அவள் காதில் சொல்ல வருவதுபோல் தலையைச் சாய்த்தாள். பிறகு காகிதத்தை எடுத்து, புரட்டாமல், முன்பு வைத்தபடியே வைத்தாள். வெட்டினாள். இன்னொரு இடது கை.

“பாருங்க,” என்று இரண்டையும், நல்ல பக்கம் மேலே இருக்க, ஒன்றன்மேல் ஒன்று வைத்தாள். இரண்டும் அப்பழுக்கில்லாமல் பொருந்தின. பொருந்தியிருக்கவே கூடாது.

மகள்தான் மெல்ல, “அம்மா, ரெண்டும் ஒரே பக்கம்மா,” என்றாள்.

ஜட்ஜக்கா குனிந்து பார்த்தாள். “ஆமா,” என்றாள். “ஆமாடி, தப்பு. புரட்டணும்.” நன்றாகத் தெரிந்தது அவளுக்கு. எங்களுக்கெல்லாம் ஒரு பெருமூச்சு வந்தது. ‘அதானே, ஏதோ ஞாபகத்துல’ என்று நான் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லக்கூடச் செய்தேன்.

மீதித் துணியை இழுத்தாள். “புரட்டணும், புரட்டணும்,” என்று முணுமுணுத்துக்கொண்டே காகிதத்தை எடுத்தாள். புரட்டாமல் வைத்தாள். வெட்டினாள்.

மூன்றாவது இடது கை.

வாசலில் நின்ற காய்க்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டார். ஜட்ஜக்கா மூன்று கைகளையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடியும்முன்னே அழ ஆரம்பித்தாள். அழுகை வருவதற்கான முகமே அது இல்லை. சிரித்த முகத்தின்மேல் கண்ணீர் மட்டும் வந்தது. தெருவையே அழவைத்தவள் அழுது நாங்கள் பார்த்ததே இல்லை.

நாத்தனார்தான் முதலில் ஓடிப்போய்ப் பிடித்தாள். கத்தரிக்கோலை மெதுவாக அவள் விரல்களிலிருந்து கழற்றினாள். “போதும் அண்ணி. போதும். நான் தோத்துட்டேன், விடுங்க.”

வக்கீலம்மாவின் குரல் முதல் தடவையாகச் சாதாரணமாக இருந்தது. “கோட்டை விடுங்க. நான் உயில் கேஸ் நிறையப் பார்க்கறவ. இந்த மாதிரி தடுமாறற ஆளுங்களை டாக்டர் சர்டிஃபிகேட்டோட கோர்ட்டுல பார்த்திருக்கேன். இது கண்ணும் இல்ல, வீம்பும் இல்ல. நாளைக்கே நரம்பு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க.”

ம்ம் அண்ணன் கல்லாவைப் பூட்டினார்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை என்பது வேறு விஷயம். ஆட்டோவில் ஜட்ஜக்காவை ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டாமா?

நர்ஸ் ஜட்ஜக்காவின் கையில் பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். மற்ற கையில் கட்டி ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் டாக்டரிடம் போனாள். நர்ஸ் ஒன்றும் சொல்லாமல் போவது நல்லதில்லை என்று எனக்குத் தெரியும்.

டாக்டர் கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு இருந்த ஒரு நடுத்தர வயதுப் பெண். “பிரஷர் ரொம்ப அதிகமா இருக்கே. மாத்திரை எடுக்கறீங்களா?”

“எடுக்கறேனே,” என்றாள் ஜட்ஜக்கா. “பிரஷருக்கும் சுகருக்கும். எங்க கிளினிக்குல எப்பப் பார்த்தாலும் நார்மல்தான். டாக்டரே பாராட்டுவாரு, இந்தத் தெருவுலயே ஒழுங்கா இருக்கிற பேஷண்ட் நீங்கதான்னு.”

அது உண்மைதான். அதைச் சொல்லிச் சொல்லியே எங்களையெல்லாம் மட்டம் தட்டியிருக்கிறாள். எனக்குப் பிரஷர் நூற்றைம்பது வந்தபோது, “வாயைக் கட்டணும்டி,” என்று தீர்ப்பு சொன்னவள்.

அப்போதுதான் ம்ம் அண்ணன் பேசினார். முழு வாக்கியம். நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

“கிளினிக்குக்குப் போற வாரம் மட்டும்தான் மாத்திரை போடுவா டாக்டர். அந்த வாரம் உப்பு, இனிப்பு எல்லாத்தையும் நிறுத்திடுவா. பார்த்துட்டு வந்ததும் டப்பாவைத் தூக்கி அலமாரியில வச்சிடுவா. நார்மல்னு சொல்லிட்டாரே, அப்புறம் எதுக்கு விஷத்தைத் தின்னணும்னு.”

“எத்தனை வருஷமா?”

“ஆரம்பத்துலயிருந்தே.”

“அப்பா!” என்றாள் மகள். “உனக்குத் தெரியுமா? தெரிஞ்சும் சும்மா இருந்தியா?”

“சொன்னா கேக்கற ஆளா உங்கம்மா?”

ஜட்ஜக்கா குறுக்கே புகுந்தாள். “இதுல என்ன தப்பு? அளவு எடுக்க வர்றவங்கள்லாம் வயித்தை எக்கிக்கிட்டுத்தான் நிக்கறாங்க.”

டாக்டர் சிரிக்கவில்லை. “சரி, சுகரை எக்க முடியாதபடி ஒரு டெஸ்ட் இருக்கு. மூணு மாசச் சராசரி காட்டும். ஒரு வாரப் பத்தியமெல்லாம் அதுல பலிக்காது.” எழுதிக் கொடுத்தார். ஸ்கேனும் எழுதினார்.

பிறகு சில கேள்விகள். ஐந்து வார்த்தைகள் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஜட்ஜக்கா மூன்றைச் சொன்னாள். மற்ற இரண்டுக்கும் டாக்டர் ஒரு சின்னக் குறிப்பு கொடுத்ததும் டக்கென்று சொல்லிவிட்டாள். மகள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. “ஞாபகம் நல்லா இருக்கே!” என்றாள். அடுத்து ஒரு தாளில் எண்களும் எழுத்துகளும் சிதறிக் கிடந்தன. ஒன்று, அ, இரண்டு, ஆ என்று மாற்றி மாற்றிக் கோடு இழுக்க வேண்டும். ஜட்ஜக்கா ஒன்றிலிருந்து ‘அ’வுக்குப் போனாள். ‘அ’விலிருந்து ‘ஆ’வுக்கு. ‘ஆ’விலிருந்து ‘இ’க்கு. “மாத்தி மாத்தி,” என்று டாக்டர் சொன்னதும், “ஆமா, மாத்தி,” என்று சொல்லிவிட்டு ‘ஈ’க்குப் போனாள். அந்தக் கோடுகூட எவ்வளவு நேராக இருந்தது தெரியுமா?

என்னால் அந்தத் தாளைப் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரி ஆட்கள் வண்டி நிறுத்துவதற்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக இருந்தால் யார் பக்கம் நியாயம் என்று பார்த்திருப்பேன்.

முடிவுகள் வந்த அன்று எல்லோரையும் உட்காரவைத்தார். கம்ப்யூட்டர் திரையில் ஜட்ஜக்காவின் மூளை கறுப்பு வெள்ளையில் இருந்தது. நடுவே இருந்த பகுதியைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். இடையிடையே கறுப்பாகச் சின்னச் சின்னக் குழிகள்.

“இந்தக் குழி ஒவ்வொண்ணும் ஒரு ஸ்ட்ரோக்,” என்றார் டாக்டர்.

மகள் எழுந்தே விட்டாள். “ஸ்ட்ரோக்கா? எங்கம்மாவுக்கா? ஒருநாள்கூட வாய் கோணல, கை கால் இழுக்கல, மயக்கம் போட்டு விழல!”

“அதனாலதான் உங்களுக்குத் தெரியல. பெரிய குழாய் அடைச்சா, இல்ல கை காலை அசைக்கிற வழியில அடைச்சா, உடனே தெரியும். இது மூளைக்கு உள்ள ஆழத்துல போற ரொம்ப மெல்லிசான ரத்தக்குழாய்ங்க. வருஷக்கணக்கா அழுத்தத்தைத் தாங்கித் தாங்கிச் சுவரு தடிச்சு இறுகிப் போயிடுச்சு. சர்க்கரையும் சேர்ந்து அதைக் கெடுத்திருக்கு. உள்ள வழி குறுகி, ரத்தம் சரியாப் போகல. சில இடத்துல சுத்தமா நின்னுபோய், அந்தச் சின்ன இடம் செத்துப் போயிடுச்சு. அப்ப அவங்க துணி வெட்டிட்டிருந்திருக்கலாம், தூங்கிட்டிருந்திருக்கலாம். ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது.”

ஒன்றுமே தெரியாமல் ஒருவருக்கு ஸ்ட்ரோக் வந்துவிட்டுப் போகுமா? அதுவும் இத்தனை? எங்கள் தெருவில் ஒரு பூனை குட்டி போட்டால்கூட எனக்குத் தெரிந்துவிடும். வாரத்தில் பாதி நாள் இவள் எதிரே உட்கார்ந்து கதை பேசியிருக்கிறேன். நான் பேசிக்கொண்டிருந்தபோது ஒன்று வந்துவிட்டுப் போயிருக்குமோ?

“அந்த வெள்ளைத் திட்டு?” என்று கேட்டார் ம்ம் அண்ணன்.

“மூளையோட ஒரு பகுதியிலயிருந்து இன்னொரு பகுதிக்குச் சேதி கொண்டு போற நரம்பு இழைங்க அங்க இருக்கு. அதுக்கும் ரத்தம் பத்தல. அதனால யோசனை மெதுவாப் போகுது. அடுத்து என்ன செய்யணும்னு வரிசைப்படுத்தறது, ஒண்ணை விட்டு இன்னொண்ணுக்கு மாறறது, தப்பைத் திருத்திக்கறது, இதுல கஷ்டம். தெரிஞ்ச விஷயம் தெரியும். வெட்டற கை வெட்டும். ஆனா புரட்டிப் போடணும்கிற சேதி போய்ச் சேராது. நடை மாறினது, சிரிச்சிட்டே அழுதது, எல்லாம் இதோட சேர்ந்ததுதான்.”

மகளைப் பார்த்தார். “நீங்க கண்ணாடிக் கடையிலதானே? கண்ணுக்குப் பின்னாடி இருக்கிற ரத்தக்குழாயைப் படம் எடுத்துப் பார்த்தீங்களா?”

மகள் முகம் வெளுத்தது. “எங்க கடையிலயே அந்த மெஷின் இருக்கு டாக்டர். நான் நம்பர் மட்டும்தான் பார்த்தேன்.”

“நான் பார்த்தேன், அங்கயும் மாற்றம் இருக்கு. உடம்புல மெல்லிசான குழாய்ங்களை நேராக் கண்ணால பார்க்கறதுக்கு அதுதான் இடம்.” டாக்டர் மேலே அதைப் பற்றிப் பேசவில்லை. “இந்தத் தடுமாற்றம் எப்பலயிருந்து?”

“இப்பதான்,” என்றாள் மகள். “ஒரு மாசமாத்தான்.”

“ம்ம்,” என்றார் ம்ம் அண்ணன்.

“இல்ல,” என்றாள் நாத்தனார்.

அவள் கதவோரம் நின்றிருந்தாள். உட்கார நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. அண்ணி வெளியே போகச் சொன்ன சாயங்காலம் கடந்து போயிருந்தது. ‘இங்கேயே இரு’ என்றும் யாரும் சொல்லவில்லை. கட்டிய பை கட்டியபடியே மாடியில் இருந்தது.

“ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கும். முதல்ல ஒரு சட்டைக்குக் காலர் ரெண்டு தடவை வெட்டினாங்க. அப்புறம் பாக்கெட்டை விட்டுட்டாங்க. தையலுக்கு விடற ஓரத்தை விடாம ஒரு நர்ஸ் யூனிஃபார்மையே வெட்டினாங்க. மூணு ஆர்டரை ஒரே நேரத்துல ஆரம்பிச்சு, எதுவும் முடியாம நிப்பாங்க. நான் மிச்சத் துணியை எடுத்து, மாடிக்குக் கொண்டு போய், திருப்பி வெட்டித் தைச்சு வச்சிடுவேன். துணி பத்தலைனா அதே மாதிரி தேடி வாங்கிட்டு வருவேன்.”

காணாமல் போன துணியெல்லாம் எங்கே போயிற்று என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

“அத்தை!” மகள் கத்தினாள். “ரெண்டு வருஷமாத் தெரியுமா உனக்கு? நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே கூட்டிட்டு வந்திருப்பேனே! இதுல பாதிக் குழி வந்திருக்காதே! மூடி மறைச்சு மறைச்சு எங்கம்மாவை இப்படி ஆக்கிட்டியே!”

நாத்தனார் அசையவில்லை. “உங்கம்மா வெட்டுல தப்புனு நான் சொல்லியிருந்தா, யாருடி நம்பியிருப்பா? நீ நம்பியிருப்பியா? ‘அத்தைக்குப் பொறாமை, கடையைப் பிடுங்கப் பார்க்கறா’னு சொல்லியிருப்பே. போன வாரம் அதான் சொன்னே. எனக்கு அந்த வீட்டுல ஒரு ரூம் இருக்கு. அது போயிடும்னு பயந்தேன். அண்ணிக்கு வயசாகுது, கோபம், தூக்கமில்லனு நினைச்சேன். மூளைனு எனக்கென்ன தெரியும்? தெரிஞ்சிருந்தா ரூம் போனா போகுதுனு சொல்லியிருப்பேன்.” அதன்பிறகுதான் குரல் உடைந்தது. “டாக்டர், நான் சொல்லியிருந்தா இது வந்திருக்காதா?”

ஆறுதலுக்காக டாக்டர் பொய் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

“முன்னாடியே வந்திருந்தா சிலதைத் தடுத்திருக்கலாம். எதுன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா மாத்திரையை அலமாரியில வச்சது நீங்க இல்ல. அதைத் தெரிஞ்சுக்கிட்டு ம்ம் சொன்னது நீங்க இல்ல. மூணு கண்ணாடி மாத்தினது நீங்க இல்ல. எல்லாருமே ஒரு பக்கத்தைத்தான் பார்த்திருக்கீங்க. செத்த இடம் திரும்பி வராது. இனிமே புதுசா வராமப் பார்த்துக்கறதுதான் நம்ம கையில இருக்கு. பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, மூணையும் பிடிச்சு வைக்கணும். தினம் நடக்கணும். மாத்திரை தினம், நார்மலா இருந்தாலும் தினம். மாத்திரையாலதான் நார்மல். சரியா இருந்தா இப்ப இருக்கறதுலயே கொஞ்சம் தெளிவுகூட வரலாம்.”

மகள் அழுதுகொண்டே சுவரைப் பார்த்தாள். ஜட்ஜக்கா இவ்வளவு நேரமும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சொன்னது போய்ச் சேர நேரம் எடுக்கிறது என்று இப்போது எங்களுக்குத் தெரியுமாதலால் யாரும் அவசரப்படுத்தவில்லை. காத்திருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை! இவ்வளவு நாளும் அவள் பதில் சொல்லத் தாமதித்தபோதெல்லாம், திமிர் என்று நினைத்து நான் எழுந்து போயிருக்கிறேன்.

கடைசியில் நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

“அந்த நர்ஸ் யூனிஃபார்ம்,” என்றாள் மெதுவாக. “அது நல்லா வந்துச்சுனு அந்தப் பொண்ணு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அந்தப் பாராட்டை நான் வாங்கிக்கிட்டேன்.” மறுபடி ஒரு நீண்ட இடைவெளி. “உன்னைத் திருடின்னேன்ல?”

“விடுங்க அண்ணி.”

“தெருவுல வச்சுச் சொன்னேன். தெருவுல வச்சுத்தான் மாத்திச் சொல்லணும்.”

சொன்னாள். அதையும் நான் பார்த்தேன், பார்க்காமல் இருப்பேனா? வக்கீலம்மா, காய்க்காரர், நான், இன்னும் வாசலில் நின்ற எல்லோருக்கும் முன்னால், “இவ திருடி இல்ல. தப்பெல்லாம் நான் வெட்டினது. இனிமே இந்தக் கடையில வெட்டறது இவதான்,” என்றாள். நடுவில் ஒரு தடவை சொல்ல வந்தது நழுவிப்போய் நின்றாள். நாத்தனார் எடுத்துக் கொடுக்க வாயெடுத்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, தானே தேடிப் பிடித்துச் சொன்னாள். வக்கீலம்மா கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். அவருக்குப் புதுக் கோட்டு, வலது கை வலது பக்கமாக, சும்மா தைத்துக் கொடுத்தார்கள்.

அந்த வாரம் எங்கள் தெருவே கிளினிக்கில் வரிசையில் நின்றது. ஆளுக்காள் நம்பரைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டதும், ஒளித்துவைத்ததும் தனிக் கதை. நான் மாத்திரை டப்பாவை அலமாரியிலிருந்து எடுத்துச் சமையல் மேடையில் வைத்திருக்கிறேன். அதற்குமேல் கேட்காதீர்கள்.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஜட்ஜக்கா ஊக்குக் கட்டுவது, ஓரம் மடிப்பது, பட்டன் தைப்பது என்று ஒரே விதமான வேலைகளைச் செய்துகொண்டு கடையில் உட்கார்ந்திருக்கிறாள். மாத்திரை கொடுப்பது ம்ம் அண்ணன் வேலை. விழுங்கியாயிற்றா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார்; இதற்காகவே நாளுக்கு நான்கு வாக்கியம் பேசுகிறார். மறுபடி எடுத்த ஸ்கேனில் புதுக் குழி இல்லை. பழையவை பழையபடியே இருக்கின்றன. மகள் கண்ணாடிக் கடைக்காரப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டு, வீட்டோடு மாப்பிள்ளையாகக் கூட்டி வந்துவிட்டாள். அம்மாவின் பக்கத்திலேயே இருக்கிறாள். அத்தையிடம் இன்னும் முழுதாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நாத்தனார் ஒரு வருஷத்துக்கும் மேலாகக் கடையை நடத்தினாள்; வெட்டுக்கு ஒரு பெண்ணையும் பழக்கிவிட்டாள். நூலும் பட்டனும் மொத்தமாகக் கொண்டுவந்து போடும், பெண்டாட்டியை இழந்த ஒரு மனிதர், எதற்கு இவ்வளவு பட்டன் கொண்டுவருகிறார் என்று முதலில் கண்டுபிடித்தது நான்தான். பதிவு அலுவலகத்தில் கல்யாணம். ஜட்ஜக்கா அவளை விடவே மாட்டேன் என்றாள், அப்புறம் ரொம்ப நேரம் யோசித்தாள், அப்புறம் போய்வா என்றாள். நாத்தனார் இப்போது வேறு ஊரில், அவருடைய வீட்டு முன் அறையில் தன் பெயரில் ஒரு தையல் கடை வைத்திருக்கிறாள். மாடி அறையை மகளும் மாப்பிள்ளையும் எடுத்துக்கொண்டார்கள்.